சப்ளையரின் கடவுச்சொல் திருடு போனால்: நடுத்தர நிறுவனத்துக்கு ஒரு மேசைப் பயிற்சி

இணையத் தாக்குதல் நடந்தால் யார் என்ன செய்வது என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஒத்திகை பார்ப்பதுதான் மேசைப் பயிற்சி. அதற்குப் பல நிறுவனங்கள் எடுத்துக்கொள்வது ஒரே கதையைத்தான்: காலையில் வந்து பார்த்தால் எல்லாக் கணினியும் பூட்டிக் கிடக்கிறது, திரையில் பணம் கேட்டு மிரட்டல். அந்தக் கதையில் பிரச்சினை நடந்திருக்கிறதா என்ற சந்தேகமே எழாது. ஐடி மேலாளர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பத்தரை மணிக்குக் கோப்பி வந்துவிடும்.

சப்ளையரின் கணக்கு திருடு போகும் கதை அப்படியில்லை. உடைந்த பூட்டு நம் வீட்டில் இல்லை. நுழைந்தவன் சரியான கடவுச்சொல்லோடு, நாமே கொடுத்த கதவு வழியாக வந்திருக்கிறான். எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி அட்டை எண்கள் போனதும் இப்படித்தான் தொடங்கியது. குளிர்சாதன வேலை பார்த்த ஒரு சிறிய ஒப்பந்ததாரரின் கணக்கு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சியை முழுதாக எழுதியிருக்கிறேன். அப்படியே எடுத்து உங்கள் நிறுவனத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மூன்று மணி நேரம் பிடிக்கும், மேசையில் எட்டுப் பேர் போதும். யாரும் உண்மையான கணினியைத் தொட வேண்டியதில்லை.

முதலில் நிறுவனத்தைப் பிடியுங்கள்

நான் எடுத்துக்கொள்ளும் கற்பனை நிறுவனம் ஒரு மரச்சாமான் கடை. 180 ஊழியர்கள், மூன்று காட்சிக்கூடங்கள், சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கிடங்கு. பொருள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தித் தருவது வேறொரு சிறிய நிறுவனம். அதுதான் நம் சப்ளையர். நான்கு லாரி, பன்னிரண்டு பேர், அலுவலகத்தில் இரண்டு எழுத்தர்கள்.

கடையின் கோப்புகள் மைக்ரோசாஃப்ட் 365-ல் இருக்கின்றன. தினசரி டெலிவரிப் பட்டியலைச் சப்ளையர் பார்ப்பதற்காக அவர்களுக்கு ஒரு விருந்தினர் கணக்கு திறந்துவிட்டிருக்கிறார்கள். பட்டியலில் வாடிக்கையாளரின் பெயர், வீவக புளோக் எண், கைப்பேசி எண், வாங்கிய பொருள், வரும் நேரம் எல்லாம் இருக்கும்.

கதை நடப்பது தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை. திங்கள் தீபாவளி, பொது விடுமுறை. இந்தத் தேதியைச் சும்மா வைக்கவில்லை, கடைசியில் அதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

இரண்டு வாரத்துக்கு முன்: உள்ளுக்குள் ஓர் ஆள்

பயிற்சியை நடத்துபவர் தனியாக உட்கார்ந்து கதை எழுதினால் ஐடி மேலாளர் முதல் பத்து நிமிடத்திலேயே "எங்கள் சிஸ்டத்தில் இப்படி நடக்காது" என்பார். அத்தோடு அறையில் உள்ள எல்லோருக்கும் நம்பிக்கை போய்விடும். அதனால் ஐடி பிரிவிலிருந்து ஒருவரை முன்கூட்டியே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பயிற்சியில் ஆடமாட்டார், ரகசியம் காப்பார். அவரிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று, எந்தெந்த சப்ளையருக்கு விருந்தினர் கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கால் எதையெல்லாம் திறக்க முடிகிறது. ஒரு கோப்புறையைப் பகிர நினைத்து, அவசரத்தில் அது இருக்கும் ஷேர்பாயிண்ட் கோப்புத் தளம் முழுவதையும் பகிர்ந்துவிடுவது ரொம்பச் சகஜம். தளத்துக்குக் கொடுத்த அனுமதி, உள்ளே இருக்கும் கோப்புறைகளுக்கும் தானாக இறங்கும்.

இரண்டு, இரட்டைச் சரிபார்ப்பு விருந்தினர்களுக்கும் பொருந்துகிறதா. ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டு, சப்ளையர் புலம்பினார் என்று விருந்தினர்களை விலக்கி வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

மூன்று, பதிவுகள் எத்தனை நாள் நிற்கின்றன. இதை வாய்மொழியாகக் கேட்காதீர்கள், தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்நுழைவுப் பதிவுகள், மைக்ரோசாஃப்ட் 365-ன் கணக்குகளை நிர்வகிக்கும் என்ட்ராவின் இலவச நிலையில் 7 நாள்தான் இருக்கும், கட்டண நிலையில் 30 நாள். ஆனால் யார் எந்தக் கோப்பை இறக்கினார்கள் என்பதைச் சொல்லும் தணிக்கைப் பதிவு வேறு இடத்தில் இருக்கிறது, அது சாதாரண உரிமத்திலேயே 180 நாள் நிற்கும். கூட்டாளி ஒரு நிஜ விருந்தினர் கணக்கை வைத்து இப்படித் தேடிப் பார்க்கலாம்:

```
Search-UnifiedAuditLog -StartDate (Get-Date).AddDays(-60) `
  -EndDate (Get-Date) -UserIds $guest `
  -Operations FileDownloaded -ResultSize 5000
```

முடிவு வெறுமையாக வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். உண்மையிலேயே எதுவும் இறக்கப்படவில்லை, அல்லது தணிக்கைப் பதிவே அணைந்து கிடக்கிறது. எது என்று பயிற்சிக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

சப்ளையரின் ஒப்பந்தத்தையும் வாங்கிப் படியுங்கள். கசிவு தெரிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யாரை அழைக்க வேண்டும் என்ற வரி இருக்கிறதா? பழைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்காது.

உண்மைத் தாள்

நடத்துபவரிடம் மட்டும் இருக்கும் ஒரு பக்கம் இது. உண்மையில் என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாக எழுதி வைத்துக்கொண்டால், விளையாடுபவர்கள் எந்தக் கேள்வி கேட்டாலும் முரணில்லாமல் பதில் சொல்லலாம். நம் கதையின் உண்மை இது.

41 நாளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, சப்ளையரின் எழுத்தர் ஒருவருடைய வீட்டுக் கணினியில் அவர் மகன் விளையாட்டுக்காக ஓர் இலவச மென்பொருளை நிறுவினான். அதற்குள் இருந்த திருட்டு நிரல், பிரவுசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களை எல்லாம் வாரிக்கொண்டு போனது. எழுத்தர் வார இறுதியில் வீட்டிலிருந்தே பட்டியல் பார்ப்பவர். அந்த நிறுவனத்தில் நான்கு பேர் பயன்படுத்துவது அந்த ஒரே கணக்கைத்தான்.

36 நாளுக்கு முன், புதன்கிழமை, அதிகாலை 2.40-க்கு யாரோ வெளிநாட்டு முகவரியிலிருந்து நுழைந்தார். அன்றும் மறுநாளும் ஓராண்டு டெலிவரிப் பட்டியல்களை இறக்கினார். அவற்றில் 11,300 வாடிக்கையாளர்கள். பிறகு ஒரு வாரம் அமைதி.

29 நாளுக்கு முன் திரும்பி வந்தார். அதே தளத்தில் 'தவணை' என்று இன்னொரு கோப்புறை இருப்பதைக் கண்டுபிடித்து அதையும் எடுத்தார். உள்ளே இருந்தவை 340 பேரின் தவணை விண்ணப்பங்கள். அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு எல்லாம் சேர்த்து.

இப்போது கவனியுங்கள். 30 நாள் உள்நுழைவுப் பதிவைப் பார்ப்பவருக்கு மூன்றாவது வருகை மட்டும்தான் தெரியும். முதல் இரண்டும் அழிந்துவிட்டன. இந்தப் பயிற்சியின் கொக்கி இங்கேதான் இருக்கிறது.

யார் உட்கார வேண்டும்

பொது மேலாளர், செயல்பாட்டு மேலாளர், ஐடி மேலாளர், தரவுப் பாதுகாப்பு அதிகாரி, நிதி, வாடிக்கையாளர் சேவைத் தலைவர். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருந்தாக வேண்டும். நடுத்தர நிறுவனங்களில் பெரும்பாலும் மனிதவள மேலாளர்தான் அந்தத் தொப்பியையும் போட்டிருப்பார். இவர்களோடு எழுதுபவர் ஒருவர், நடத்துபவர் ஒருவர்.

வாடிக்கையாளர் சேவையை விட்டுவிட்டுப் பயிற்சி நடத்துவது பெரிய தவறு. நடத்துபவர் நேரம் பார்த்து ஒவ்வொன்றாகக் கொடுக்கும் ஐந்து செய்திகளில்தான் கதை நகரும், ஏன் என்பது முதல் செய்தியிலேயே தெரியும்.

சப்ளையரை அழைக்கலாமா என்று கேட்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்பது என் கருத்து. அவர் எதிரில் இருந்தால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். அதற்குப் பதில் உங்கள் கூட்டாளியைப் பக்கத்து அறையில் ஒரு கைப்பேசியோடு உட்கார வையுங்கள். அவர்தான் சப்ளையரின் முதலாளி. விளையாடுபவர்கள் நிஜமாகவே எண்ணை அழுத்தி அவரிடம் பேச வேண்டும். "நாங்கள் சப்ளையரைத் தொடர்புகொள்வோம்" என்று வாயால் சொல்வது வேறு, எடுக்காத போனை இரண்டு தடவை அடிப்பது வேறு.

முதல் செய்தி, காலை 9.10

வாடிக்கையாளர் சேவைத் தலைவரிடம் மட்டும் ஒரு சீட்டைக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து மூன்று பேர் அழைத்திருக்கிறார்கள். மூவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி செய்தி: டெலிவரி தவறிவிட்டது, மறு டெலிவரிக்கு 28 வெள்ளி கட்டுங்கள் என்று ஓர் இணைப்பு. செய்தியில் ஆர்டர் எண், சோஃபாவின் பெயர், வீட்டு எண் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒருவர் பணம் கட்டிவிட்டார். முதல் இருவரிடம் "அது நாங்கள் அனுப்பியதில்லை, பொருட்படுத்தாதீர்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். சீட்டில் சிறிய எழுத்தில் இன்னொரு வரி: மூன்றாமவர் முழுத்தொகையையும் ரொக்கமாகக் கொடுத்து வாங்கியவர்.

சீட்டை அவர் படித்துவிட்டு என்ன செய்கிறார் என்று பாருங்கள். மற்றவர்களிடம் சொல்கிறாரா? யாரிடம் முதலில்? எத்தனை நிமிடம் கழித்து? எழுதுபவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். மோசடிச் செய்தி சிங்கப்பூரில் தினமும் வருவதுதான், அதனால் கை தானாகவே அதைத் தள்ளிவிடப் பார்க்கும். இது வேறு மாதிரி என்று காட்டும் அடையாளம் ஒன்றுதான்: ஆர்டர் எண் சரியாக இருக்கிறது. அது வெளியில் கிடைக்காது.

பணம் கட்டியவருக்கு என்ன பதில் என்பதையும் கேளுங்கள். வங்கியை உடனே அழைக்கச் சொல்ல வேண்டும், போலீஸ் புகார், மோசடியா என்ற சந்தேகத்துக்கு 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண். இதைச் சொல்லத் தெரியாத சேவைக் குழுக்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் செய்தி, 9.45: பதிவில் தெரிவது

மூன்று ஆர்டரையும் கொண்டுபோனது ஒரே சப்ளையர் என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பத்து நிமிடம் காத்திருங்கள், தாங்களாகவே வருவார்கள்.

ஐடி மேலாளர் "விருந்தினர் கணக்கின் உள்நுழைவைப் பார்ப்பேன்" என்பார். அச்சிட்ட ஒரு தாளைக் கொடுங்கள். அதில் 29 நாளுக்கு முன் அதிகாலையில் வெளிநாட்டிலிருந்து ஒரு நுழைவு, மற்றதெல்லாம் ஜூரோங்கிலிருந்து வழக்கமான நேரத்தில். வேறெதுவும் இல்லை. அதற்கு முந்தையதைக் கேட்டால், "பதிவு இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். இறக்கிய கோப்புகளைத் தனியாகக் கேட்கும் வரை தணிக்கைப் பதிவைக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் செய்தி, 10.15: கதவை மூடுவதா

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அரை மணி நேரம் கொடுங்கள்.

"கடவுச்சொல்லை மாற்றிவிடுவோம்" என்ற பதில் நிச்சயம் வரும். அது முடியாது. விருந்தினர் கணக்கின் கடவுச்சொல் சப்ளையரின் சொந்த அமைப்பில் இருக்கிறது, நம்மிடம் இல்லை. "எல்லா அமர்வுகளையும் துண்டிப்போம்" என்பது அடுத்த பதில். ஊழியர்களுக்கு அது வேலை செய்யும், வெளிக் கணக்குகளுக்குச் செய்யாது. அவர்கள் உள்நுழைவது தங்கள் நிறுவனத்தின் வழியாக அல்லவா. நம்மால் செய்ய முடிந்தது, விருந்தினர் கணக்கை நம் பக்கத்தில் முடக்குவது:

```
Update-MgUser -UserId $guestId -AccountEnabled:$false
```

முடக்கிய பிறகும் ஏற்கெனவே வாங்கிய அனுமதிச் சீட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லுபடியாகும். அதனால் தளத்திலிருந்தே அந்தக் கணக்கின் அனுமதியையும் கையோடு நீக்க வேண்டும். ஐடி மேலாளர் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்கலாம். சொல்லாவிட்டால் உண்மையில் நடந்திருக்கக்கூடியதைச் சொல்லுங்கள்: "முடக்கி இருபது நிமிடம் ஆகிறது, இன்னும் ஒரு கோப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது."

ஆனால் உண்மையான சண்டை நுட்பத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை 62 டெலிவரி இருக்கிறது. தீபாவளிக்கு முன் சோஃபா வர வேண்டும் என்று முழுப்பணம் கட்டிக் காத்திருக்கும் குடும்பங்கள். கணக்கை மூடினால் லாரிக்காரர்களுக்குப் பட்டியல் கிடைக்காது. செயல்பாட்டு மேலாளர் பக்கத்து அறைக்கு அழைப்பார். அங்கிருந்து கூட்டாளி பேசட்டும்:

"சார், என்ன சார் இது, நாளைக்கு அறுபத்திரண்டு வீடு. இப்ப மூடினா நான் லாரிய எங்க அனுப்புவேன்? எங்க பக்கம் ஒண்ணும் நடக்கலை. திங்கக்கிழமை லீவு முடியட்டும், செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து பேசிக்கலாம்."

அறையில் அமைதி விழும். எல்லோரும் பொது மேலாளரைப் பார்ப்பார்கள். அவர் ஐடியைப் பார்ப்பார். இப்போது நடத்துபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சப்ளையரின் அணுகலை வெட்டும் அதிகாரம் இந்த அறையில் யாருக்கு? அவர் விமானத்தில் இருந்தால் அடுத்து யாருக்கு? ஒரு பயிற்சியில் இந்தக் கேள்விக்கு 22 நிமிடம் ஆனது. கடைசியில் கிடைத்த பதில் "கூட்டமாக முடிவெடுப்போம்".

நல்ல பதில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. கணக்கை மூடுவது ஒரு முடிவு, டெலிவரியை நடத்துவது இன்னொரு முடிவு. நாளைய 62 பேரின் பட்டியலை மட்டும் அச்சிட்டுக் கிடங்கிலேயே ஓட்டுநர்கள் கையில் கொடுக்கலாம், வண்டி கிளம்பும்போது கையெழுத்து வாங்கிக்கொண்டு. சிலர் உடனே "வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்" என்பார்கள். 62 பேரின் முகவரி இன்னும் பன்னிரண்டு தனிப்பட்ட கைப்பேசிகளுக்குப் போகும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்களா என்று காத்திருந்து பாருங்கள்.

மூடுவதற்கு முன் தணிக்கைப் பதிவை ஏற்றுமதி செய்து வைத்தார்களா என்பதையும் எழுதுபவர் குறிக்கட்டும்.

நான்காம் செய்தி, 11.00: 340 பேர்

29 நாளுக்கு முந்தைய வருகையில் தவணைக் கோப்புறை போனது என்ற தகவலைக் கொடுங்கள். 340 பேர்.

இங்கே ஒருவர் மெல்லச் சொல்வார்: "ஐந்நூறுக்குக் கீழேதானே, தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டியதில்லை." பாதிப் படிப்பு. 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி கசிவை அறிவிக்க இரண்டு தனித்தனி அளவுகோல்கள் உண்டு. 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டால் ஒன்று. பாதிக்கப்பட்டவர்களுக்குக் கணிசமான தீங்கு நேரலாம் என்றால் மற்றொன்று, அங்கே தலையெண்ணிக்கை பொருட்டில்லை. முழுப்பெயரோ அடையாள எண்ணோ சம்பளத் தொகையோடு சேர்ந்து போனால் அது இரண்டாவது வகைக்குள் வரும் என்று விதிமுறை பெயர் குறிப்பிட்டே சொல்கிறது. 340 பேரின் சம்பளச் சீட்டு போயிருக்கிறது. அறிவித்தே ஆக வேண்டும்.

"கசிந்தது சப்ளையரால், அவர்கள் அறிவிக்கட்டும்" என்பது அடுத்து வரும் வாதம். நமக்காகத் தரவைக் கையாளும் சப்ளையரின் கடமை, கசிவு நடந்ததாக நம்பக் காரணம் கிடைத்ததும் தாமதமின்றி நம்மிடம் சொல்வது. ஆணையத்திடமும் வாடிக்கையாளரிடமும் போவது நம் வேலை.

பிறகு இன்னொரு கேள்வியை மேசையில் போடுங்கள். 340 பேரும் தவணையில் வாங்கியவர்கள். காலையில் அழைத்த மூன்றாமவர் ரொக்கத்தில் வாங்கியவர். அவருடைய விவரம் எங்கிருந்து போனது?

இந்த இடத்தில் வாடிக்கையாளர் சேவைத் தலைவர் சீட்டைத் திரும்பப் புரட்டிப் பார்ப்பதுதான் பயிற்சியின் சுவையான கட்டம். அவர் அந்த வரியை உரக்கச் சொன்னால்தான் ஐடி மேலாளருக்கு 340 முழுக்கதை இல்லை என்று உறைக்கும். அப்போது அவர் தணிக்கைப் பதிவைக் கேட்பார், நீங்கள் கொடுப்பீர்கள்: 36, 35 நாளுக்கு முன் இரண்டு இரவுகள், டெலிவரிப் பட்டியல்கள், 11,300 பேர். அந்தப் பதிவில் நுழைந்தவரின் இணைய முகவரியும் இருக்கும், ஆகவே அழிந்துபோன உள்நுழைவுப் பதிவு இல்லாமலேயே அதே ஆள் என்று காட்ட முடியும். யாரும் இணைக்காவிட்டால் 11.30-க்கு நீங்களே கொடுத்துவிடுங்கள், ஆனால் இணைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் செய்தி, 11.30: கடிகாரம் எப்போது தொடங்கியது

கசிவை அறிவிக்க வேண்டியது என்று நிறுவனம் மதிப்பிட்டு முடித்த நாளுக்குப் பிறகு மூன்று நாள்காட்டி நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நாள்காட்டி நாள் என்றால் சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்த்துத்தான். வியாழன் மதிப்பிட்டால் ஞாயிறு கடைசி. திங்கள் தீபாவளி என்பது இங்கே உதவாது.

உடனே சாமர்த்தியமான ஒருவர் சொல்வார்: "மதிப்பீடு இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்வோமே." வழிகாட்டு நெறிகளில் மதிப்பீட்டுக்குப் பொதுவாக 30 நாள் வரை இடம் இருப்பது உண்மைதான். ஆனால் அது கண்டுபிடிப்பதற்கான அவகாசம், தள்ளிப்போடுவதற்கானது இல்லை. காரணமில்லாமல் மதிப்பீட்டை இழுத்தால் அதுவே விதிமீறல். சம்பளச் சீட்டுகள் இறங்கியது 11.00-க்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மதிப்பிட எதுவும் பாக்கியில்லை என்பது என் தீர்ப்பு. 11,300 என்ற எண்ணை பிறகு கூடுதல் தகவலாக அனுப்பலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது பேச்சை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். தரவுப் பாதுகாப்பு அதிகாரி பதினைந்து நிமிடத்தில் அறிவிப்பின் வரைவை எழுத வேண்டும்: கசிவு எப்போது, எப்படி முதலில் தெரியவந்தது, அதன்பின் எடுத்த நடவடிக்கைகள் நேரவாரியாக, எப்படி நடந்தது, எத்தனை பேர், என்னென்ன தகவல், என்ன தீங்கு வரலாம், அவர்களுக்கு எப்படித் தெரிவிக்கப் போகிறோம், தொடர்புக்கு யார்.

முதல் வரியிலேயே பேனா நிற்கும். எப்போது தெரியவந்தது? "இன்று காலை 9.45" என்று ஐடி சொல்லும். வாடிக்கையாளர் சேவையின் குறிப்பேட்டில் செவ்வாய்க்கிழமை என்று இருக்கிறது. முதல் அழைப்பு அன்றுதான் வந்தது, "பொருட்படுத்தாதீர்கள்" என்று பதில் சொல்லி வைக்கப்பட்டது. அதை எழுதுவதா, மறைப்பதா? எழுத வேண்டும், அப்படியே. ஆனால் இந்த வாக்குவாதம் அறையில் நடக்க வேண்டும், நிஜக் கசிவின் ஞாயிற்றுக்கிழமை இரவில் நடக்கக் கூடாது.

வாடிக்கையாளர்களுக்கான செய்தியையும் இதே கையோடு வரையச் சொல்லுங்கள். ஆணையத்துக்கு அறிவிக்கும்போதே அல்லது அதற்குப் பிறகு, முடிந்த விரைவில் அது போக வேண்டும். ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்புவது சோம்பல். சம்பளச் சீட்டு போன 340 பேருக்குச் சொல்ல வேண்டியதும், முகவரி போன மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் வேறு. அதோடு, செய்தியில் இணைப்பு எதுவும் வைக்காதீர்கள். மோசடி இணைப்பால் ஏமாந்தவருக்கு இன்னோர் இணைப்பை அனுப்பினால் அவர் என்ன நினைப்பார்? வீட்டில் பெரியவர்கள் தமிழ் மட்டும் படிப்பவர்களாக இருக்கலாம், அதனால் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் இரண்டு வரி சேர்த்தால் நல்லது.

நிதிக்கு ஒரே ஒரு கேள்வி: இணையக் காப்புறுதி இருந்தால், வெளியிலிருந்து புலனாய்வு நிபுணரை அமர்த்துவதற்கு முன் காப்புறுதி நிறுவனத்தின் சம்மதம் வேண்டுமா? பல பத்திரங்களில் வேண்டும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் சிங்சர்ட் பிரிவுக்குத் தெரிவிப்பது இப்படிப்பட்ட கடைக்குக் கட்டாயமில்லை, ஆனால் தெரிவிக்கலாம். அபராதம் பற்றிக் கேட்டால் உச்சவரம்பைச் சொல்லிவிட்டு நகருங்கள்: 10 லட்சம் வெள்ளி, அல்லது சிங்கப்பூர் ஆண்டு விற்றுமுதல் 1 கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனமானால் அதில் 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது.

எழுதுபவரின் தாள்

நான்கு கட்டங்கள் போதும்: நேரம், முடிவு, யார் எடுத்தார், எந்தத் தகவலை வைத்து. கடைசிக் கட்டம்தான் முக்கியம். கணக்கை 10.50-க்கு மூடினார்கள் என்பதைவிட, 9.45-லேயே கையில் இருந்த தகவலை வைத்து 10.50-க்கு மூடினார்கள் என்பதுதான் பயன்படும் வரி. அந்த 65 நிமிடம் எங்கே போனது என்று அப்போதுதான் கேட்க முடியும்.

முடிந்ததும்

மதியம் எழுந்து போவதற்கு முன் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஆளுக்கொரு சீட்டு. எந்த இடத்தில் யாரை அழைப்பது என்று தெரியாமல் திணறினேன் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். "நன்றாக இருந்தது" என்ற கருத்து வேண்டாம்.

அதிலிருந்து ஐந்து வேலைக்கு மேல் எடுக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் தேதியும் போடுங்கள். இந்தக் கதையில் பெரும்பாலும் வருபவை இவை: விருந்தினர்களுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. நான்கு பேருக்கு ஒரு கணக்கு என்பதை ஒழித்து ஆளுக்கொன்று. தவணைக் கோப்புறையை வேறு தளத்துக்கு மாற்றுவது. சப்ளையரை வெட்டும் அதிகாரத்தை இரண்டு பேர் பெயரில் எழுத்தில் கொடுப்பது. சேவைக் குழுவின் மேசையில் ஒரு வரி ஒட்டுவது: மோசடிச் செய்தியில் நம் ஆர்டர் எண் இருந்தால் உடனே தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு அழைக்கவும். கடைசியில் சொன்னதற்குப் பைசா செலவில்லை, அன்று மாலையே செய்துவிடலாம்.

ஆறு வாரம் கழித்து மூன்றாம் செய்தியை மட்டும் திரும்ப நடத்துங்கள், முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. இம்முறை பக்கத்து அறை வேண்டாம். செயல்பாட்டு மேலாளர் ஒப்பந்தத்தில் உள்ள அவசர எண்ணையே அழைத்து, "இது ஒத்திகைதான் அண்ணே, உங்கள் கணக்கை இப்போது மூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு லாரி எப்படிக் கிளம்பும்?" என்று கேட்கட்டும். எத்தனை மணியடித்த பிறகு எடுத்தார்கள் என்பதை அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.